ஒரே வரியில் இரண்டு பேர்

கூத்தாநல்லூர்க் கடைத்தெருவில் மீரா உசேன் பாயின் கண்ணாடிக் கடை என்றால் எல்லாருக்கும் தெரியும். பலகையில் பாய் பெயர்தான் இருக்கும். ஆனால் உள்ளே போகிறவர் பாயைத் தேட மாட்டார். "ராஜு இருக்காரா?" என்றுதான் கேட்பார். ராஜு என்கிற குழந்தைராஜ் இல்லையென்றால் "அப்புறம் வர்றேன்" என்று படியிறங்கிவிடுவார்.

அப்படியொன்றும் பெரிய ஆளில்லை. திருவாரூர்ப் பக்கம் ஒரு கிராமத்து வேதக்கார, அதாவது கத்தோலிக்கக் குடும்பம். அப்பா வயல் வேலை. பத்தாவதில் கணக்கு காலை வாரிவிட, பங்குச் சாமியார் சொல்லி இந்தக் கடையில் சேர்ந்தார். லென்ஸை வெட்டுவது, ஃபிரேமில் உட்கார வைப்பது, மூக்கில் வைத்துப் பார்த்து இடுக்கியால் வளைப்பது, இதுதான் தொழில். ஆள் குட்டை, தலை முன்பக்கம் வழுக்கை, சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர். கோயிலில் பூசை நடக்கும்போதுகூட அதை எடுத்து வைக்கத் தோன்றாது. ஒரு தடவை நன்மை அப்பம் வாங்கப் போன இடத்தில், எதிரே நின்ற சாமியாரின் கண்ணாடி கோணலாய் இருக்கிறதே என்று கை தானாகப் பைக்குப் போய்விட்டது. செபஸ்தியம்மாள் பின்னாலிருந்து இடுப்பில் கிள்ளினாள். செபஸ்தியம்மாள் அவர் மனைவி.

ஊரில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருந்தார்கள். சிங்கப்பூர், மலேசியா என்று பழைய ஆட்கள். துபாய், குவைத், அபுதாபி என்று புது ஆட்கள். குழந்தைராஜ் மட்டும் எங்கும் போகவில்லை. போகத் தோன்றவும் இல்லை. "எல்லாரும் போயிட்டா அவங்க அம்மாவுக்கு யாரு கண்ணாடி மாட்டி விடுறது?" என்பார். சும்மா சொல்வதில்லை. பாதி ஆர்டர் ஃபோனில்தான் வரும். "அண்ணே, அம்மாவோட கண்ணாடி கீழ விழுந்துடுச்சாம். போன தடவை போட்ட அதே பவர்ல ஒண்ணு போட்டு வீட்டுல கொடுத்துடுங்க." அவ்வளவுதான். யாருக்கு என்ன பவர் என்று கடைக் கம்ப்யூட்டரில் ஒரு எக்செல் ஷீட்டில் இருந்தது. பெயர், தெரு, செல் நம்பர், தேதி, வலது கண், இடது கண். ஒரு ஆள் வந்துபோனால் ஒரு வரி. அடுத்த தடவை வந்தால் பழைய வரியைத் தேடாமல் அடியில் இன்னொரு வரி. கடையில் கூட்டம் நிற்கும்போது எவன் தேடுவான்?

முன்பு அட்டையில் எழுதிய காலத்தில் பெயரோடு பட்டப்பெயரும் இருந்தது. இந்த ஊரில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள், பட்டப்பெயர் இல்லாமல் ஆளைப் பிடிக்க முடியாது. கம்ப்யூட்டர் வந்த புதிதில் அதையும் சேர்த்தே அடித்தார்கள். பில்லில் அப்படியே அச்சாகி வந்தது: "பீங்கான் ஷேக் தாவூது." அந்த மனிதர் பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு கடை வாசலில் நின்று ஒரு மணி நேரம் வைதார். "என் மூஞ்சிக்கு முன்னாடி எவனாவது பீங்கான்னு சொல்லட்டும் பாப்போம், மெஷின விட்டுச் சொல்றீங்களா?" அன்றோடு மீரா உசேன் பட்டப்பெயருக்குத் தடை போட்டுவிட்டார். அதற்கப்புறம் ஷீட்டில் எல்லாரும் மரியாதையாக, இனிஷியலும் பெயருமாக, வெறுமையாக இருந்தார்கள்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம், நோன்புக்கு முன்னால் நடந்தது இது. மீரா உசேன் மக்காவுக்கு உம்ரா யாத்திரை கிளம்பினார். திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கார் வந்து நிற்கிறது, வீட்டுப் பெண்கள் ஏறி உட்கார்ந்தாயிற்று. ஒரு கால் காருக்குள், ஒரு கால் வெளியே வைத்துக்கொண்டு சொன்னார்:

"ராஜு, அந்த கஸ்டமர் லிஸ்ட்ட சுத்தம் பண்ணி வச்சிரு. ஒரே பேரு திரும்பத் திரும்ப வருது. நான் வர்றப்ப சுத்தமா இருக்கணும்."

"சரிங்க பாய். துவால எங்களயும் நெனச்சுக்கங்க."

"பாசித்தையும் கூட வச்சுக்க. சும்மாதானே உக்காந்திருக்கான்."

கதவைச் சாத்தினார், கார் போய்விட்டது. என்ன சுத்தம், எதுக்காகச் சுத்தம் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பாசித், பாயின் அக்கா மகன். குவைத்தில் ஒரு கம்பெனி ஆபீஸில் இருந்தான். அமெரிக்காவில் எவனோ திவாலானதற்குக் குவைத்தில் இவன் வேலை போனது. ஊருக்கு வந்து நாலு மாசம். அத்தர் வாசனையும் இஸ்திரி போட்ட சட்டையுமாகக் கடையில் வந்து உட்காருவான், தினமும் பேப்பரில் வேலை விளம்பரம் பார்ப்பான். நல்ல பையன்தான். பையன் என்றால் முப்பத்தைந்து வயசு.

"ராஜண்ணே, இது ஒரு வேலையா? புது எக்செல்ல இதுக்குன்னே ஒரு பட்டன் இருக்கு. திரும்ப வர்ற வரியை அதுவே தூக்கிடும். நீங்க டீ சொல்லுங்க, வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்."

"எப்படிப்பா அதுக்குத் தெரியும், எது திரும்ப வந்ததுன்னு?"

"எந்தக் கட்டத்தை வச்சுப் பாக்கணும்னு நாம டிக் பண்ணணும். பேரு வேணாம், பேரை நீங்க நாலு விதமா அடிச்சு வச்சிருக்கீங்க. செல் நம்பர் போதும். ஒரு ஆளுக்கு ஒரு நம்பர்."

டிக் செய்தான், தட்டினான். இத்தனை வரி நீக்கப்பட்டது, இத்தனை மீதி என்று ஒரு பெட்டி வந்து நின்றது. மீதி பாதிக்கும் கீழே. பாசித் நாற்காலியில் சாய்ந்து, கை இரண்டையும் தலைக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். டீ இன்னும் வரவில்லை.

குழந்தைராஜ் தன் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, திரையை மேலிருந்து கீழே பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"தம்பி, என் பொண்டாட்டியக் காணோம்."

"என்னது?"

"செபஸ்தியம்மாள். ஷீட்ல இருந்தா. இப்ப இல்ல."

பாசித் தேடிப் பார்த்தான். உண்மைதான். செபஸ்தியம்மாளுக்கு செல் கிடையாது. அதனால் அவள் வரியில் கடை நம்பரைப் போட்டிருந்தார் குழந்தைராஜ். நம்பர் இல்லாத இன்னும் பத்திருபது பேருக்கும் அதே கடை நம்பர். அத்தனை பேரையும் ஒரே ஆளாக நினைத்து, முதலில் இருந்த ஒருத்தரை மட்டும் வைத்துக்கொண்டு மீதிப் பேரை வழித்துப் போட்டுவிட்டது மெஷின். நம்பர் கட்டமே காலியாக இருந்தவர்கள் கதை இன்னும் மோசம். காலியும் காலியும் ஒன்றுதானே, எல்லாரும் சேர்ந்து ஒரே மனிதர் ஆகிவிட்டார்கள். பக்கத்து வீட்டு செல்லைக் கொடுத்தவர்கள், மகன் நம்பரைக் கொடுத்த தாய்மார்கள், ஒருத்தரும் இல்லை. ஃபோன் இருக்கிற வீட்டுக்காரர் மட்டும் உட்கார்ந்திருந்தார், தெருவையே காலி பண்ணிவிட்டு.

"இன்னொண்ணு பாரு," என்றார் குழந்தைராஜ். "மேல இருக்கிறதத்தான் வச்சிருக்கு. மேல இருக்கிறது பழசு. எட்டு வருஷத்துக்கு முந்தின பவர். புதுசு போச்சு."

பாசித் அவசரமாகக் கன்ட்ரோல் இசட் அடித்தான். எல்லாரும் உயிரோடு திரும்பி வந்தார்கள்.

"வந்துட்டாளா?"

"வந்துட்டாங்க."

"நல்லதுப்பா. இல்லன்னா ராத்திரி சோறு யாரு போடுவா?"

பாசித்துக்கு முகம் கறுத்துப் போயிருந்தது. ஆனால் அதற்கப்புறம் அவன் செய்ததெல்லாம் வேலை தெரிந்தவன் வேலை. முதலில் ஷீட்டை அப்படியே இன்னொரு நகல் எடுத்து "பழசு" என்று பெயர் வைத்து, தன் பென் டிரைவிலும் ஒன்று போட்டுக்கொண்டான். "இதுல யாரும் கை வைக்கக் கூடாதுண்ணே. குவைத்துல ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கிட்டேன்." பிறகு ஒவ்வொரு வரிக்கும் ஒரு வரிசை எண் கொடுத்தான். நம்பர்களில் சிலதுக்கு முன்னால் சைபர், சிலதுக்கு தொண்ணூற்றொன்று, சிலதுக்கு நடுவில் இடைவெளி. எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கினான். பெயர், தெரு, நம்பர் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, ஒத்துப்போகிற வரிகளுக்கு மஞ்சள் அடித்தான். அழிக்கவில்லை, மஞ்சள் மட்டும்தான்.

"இனிமே உங்க வேலை. ஒவ்வொரு மஞ்சளா நான் படிக்கிறேன். ஒரே ஆளா, வேற ஆளான்னு நீங்க சொல்லுங்க. ஒரே ஆளுன்னா கடைசி தேதியோட பவரை வச்சுக்குவோம். எந்தெந்த வரி சேந்துச்சுன்னு பக்கத்துல எண்ணைப் போட்டுடுறேன்."

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்ட நேரம். ஊரைச் சுற்றி நாற்றங்கால் வேலை. மத்தியானம் கரண்ட் போய்விடும், வந்ததும் உட்காருவார்கள். பாசித் படிப்பான், குழந்தைராஜ் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பெயரைவிட அவருக்கு மூக்குதான் ஞாபகம்.

"ரெங்கசாமி, மேலத் தெரு, ரெண்டு வரி."

"சர்க்கரை ரெங்கசாமி. வலது பக்கம் மூக்கு இறங்கி இருக்கும். ஒரே ஆளு."

"தங்கமணி, ரெண்டு வரி, ஒரே நம்பர்."

"அது வேற இது வேற. ஒண்ணு டீச்சர், இன்னொண்ணு அவங்க வீட்டுல சமைக்கிறவங்க. டீச்சரோட செல்லக் கொடுத்திருக்காங்க. விட்டுடு."

"இராஜாங்கம்?"

"மூணுமே அவருதான். வருஷம் ஒரு கண்ணாடி ஒடைப்பாரு. ஒக்காந்தே ஒடைப்பாரு."

இரண்டு பேரும் நன்றாகச் சிரித்தார்கள். பாசித் குவைத்திலிருந்து வந்தபிறகு இப்படிச் சிரித்து யாரும் பார்க்கவில்லை. ஒரு நாள் வேலை பேப்பரைப் பிரிக்கக்கூட மறந்துவிட்டான்.

"அ. மெஹராஜ் பேகம், பெரிய பள்ளிவாசல் தெரு. ரெண்டு வரி. இனிஷியல் ஒண்ணு, வீட்டு நம்பர் ஒண்ணு, செல் நம்பரும் ஒண்ணு."

"எல்லாம் ஒண்ணுன்னா அப்புறம் என்ன, ஒரே ஆளுதான்."

"பவர் வேறயா இருக்கேண்ணே. ரெண்டாயிரத்து அஞ்சுல ப்ளஸ் ரெண்டே முக்கால். போன வருஷம் ப்ளஸ் ஒண்ணேகால்."

குழந்தைராஜ் கண்ணைத் திறந்தார். படிக்கிற கண்ணாடிக்குப் பவர் வயசோடு ஏறும். இறங்குவது அபூர்வம். இறங்கவே இறங்காது என்றும் இல்லை. கண்ணில் புரை விழ ஆரம்பித்தால் சிலருக்குக் கொஞ்ச நாள் கண்ணாடி இல்லாமலே எழுத்துத் தெரியும். டாக்டர் ஒருவர் சொல்லி, கடையிலேயே இரண்டு மூன்று பேரைப் பார்த்திருக்கிறார். அந்த மூக்கு சட்டென்று ஞாபகத்துக்கு வரவில்லை. முகத்திரை போட்டுக்கொண்டு வருகிற பெண்களுக்கு உள்ளே தட்டி மறைவில் பாயின் மகள்தான் மாட்டிப் பார்ப்பாள்.

"புரை விழுந்திருக்கும்ப்பா. அப்படி ஆகும். சேத்துடு, புதுசை வை."

பாசித் சேர்த்தான். பக்கத்தில் இரண்டு வரிசை எண்ணையும் போட்டான். அடுத்த பெயரைப் படித்தான். தெரியாதவன் அங்கே தடுமாறியிருப்பான், யாரையாவது கேட்டிருப்பான். பாதி தெரிந்தவருக்குத்தான் காரணம் உடனே கிடைத்துவிடும்.

நோன்பு பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது அபுதாபியிலிருந்து ஃபோன்.

"ராஜண்ணே, பெரிய பள்ளிவாசல் தெரு அப்துல் கரீம் மகன் பேசுறேன். அம்மா கண்ணாடி ஒடஞ்சு போச்சு. நோன்புல ஓதணும். அதே பவர்ல ஒண்ணு போட்டுக் கொடுத்துடுங்கண்ணே."

"அம்மா பேரு?"

"மெஹராஜ் பேகம்."

புது லிஸ்ட்டில் அடித்தார். ஒரே வரி வந்து நின்றது. எவ்வளவு சுகம்! முன்பெல்லாம் நாலைந்து வரி வந்து எது புதுசு என்று தேட வேண்டும். ப்ளஸ் ஒண்ணேகால். அன்று சாயங்காலமே லென்ஸ் வெட்டி, லேசான ஃபிரேமில் போட்டு, துடைக்கத் துணியும் வைத்து அந்தத் தெரு ஆட்டோக்காரரிடம் கொடுத்தனுப்பினார்.

நோன்பு பிறந்தது. நாலைந்து நாள் போயிருக்கும். கடைக்கு ஒரு பெண்மணி வந்தார். நாற்பத்தைந்து வயசு இருக்கும். கண்ணாடியின் மூக்குத் தாங்கி ஒன்று கழன்றிருந்தது. குழந்தைராஜ் சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் திருகும்போது அந்த அம்மாள் தானாகவே பேச ஆரம்பித்தார்.

"நல்லா இறுக்கி விடுங்கண்ணே. இதுவும் போச்சுன்னா எங்க வீட்டுல ஓதறதுக்கே ஆள் இருக்காது. எங்க மச்சி, அதான் எங்க வீட்டுக்காரரோட அண்ணன் பொண்டாட்டி, ஓதறத விட்டுட்டாங்க."

"ஏன், ஒடம்பு சரியில்லையா?"

"கண்ணு போயிடுச்சுங்கிறாங்க. வருஷா வருஷம் நோன்புல மத்தியானம் லுஹர் தொழுதுட்டு தெருப் பொம்பளைங்க எல்லாம் எங்க கூடத்துலதான் உக்காந்து ஓதுவாங்க. மச்சி ஓத ஓத நாங்க பின்னாடி ஓதுவோம். ஒரு எழுத்துத் தப்பினாலும் நிறுத்திடுவாங்க. இந்த வருஷம் முதல் நாளே குர்ஆன விரிச்சு வச்சுட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தாங்க. அப்புறம் மூடி வச்சுட்டு, நீங்களே பாத்துக்கங்கன்னு உள்ள போயிட்டாங்க. ராத்திரியெல்லாம் அழுகை. மகனுக்குச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. சொன்னா வேலைய விட்டுட்டு ஓடி வந்துடுவானாம்."

"புதுக் கண்ணாடி போட்டிருக்கலாமே?"

"போட்டாங்களே! நீங்கதானே போன வாரம் கொடுத்து விட்டீங்க. கண்ணாடி ராஜு போட்டது, தப்பா இருக்குமா, தப்பு என் கண்ணுலதான்னு சொல்றாங்க."

குழந்தைராஜின் கை நின்றது.

"பில்லு வேணாம், சும்மாதான். எழுதிக்க மட்டும் உங்க பேரு சொல்லுங்கம்மா."

"மெஹராஜ் பேகம். பெரிய பள்ளிவாசல் தெரு."

"மச்சி பேரு?"

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "அவங்களும் மெஹராஜ்தான். அவங்களக் கட்டின மாப்பிள்ளை அப்துல் கரீம், எங்க வீட்டுக்காரர் அன்வர்தீன். அண்ணன் தம்பி. நான் வாழ வந்த அன்னைக்கே ஊரு சிரிச்சுச்சு. வீட்டுல அவங்க பெரிய மெஹராஜ், நான் சின்ன மெஹராஜ்."

குழந்தைராஜ் மூக்குத் தாங்கியைத் திருகி முடித்தார். கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தார். ஒரு தடவை துடைத்ததையே மறுபடியும் துடைத்துத்தான் கொடுத்தார். அந்த அம்மாள் படியிறங்கியதும் உள்ளே திரும்பி, "பாசித்து, அந்தப் பழசத் திற," என்றார். குரல் எப்படியோ இருந்திருக்க வேண்டும், பாசித் ஏனென்று கேட்காமல் திறந்தான்.

இரண்டு வரியும் அங்கே பத்திரமாக இருந்தன. ப்ளஸ் ரெண்டே முக்கால், பெரியவர். ப்ளஸ் ஒண்ணேகால், சின்னவர். ஒரு மனுஷியை ஒழித்துவிட்டு இன்னொரு மனுஷியின் கண்ணை அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

"நான்தான் சேக்கச் சொன்னேன். நீ கேட்ட, பவர் வேறயா இருக்கேன்னு. புரை கிரைன்னு பெரிய டாக்டர் மாதிரி சொன்னேன்."

"நானும் சரின்னுதானேண்ணே சேத்தேன்."

"ஒரு ஃபோன் போட்டுக் கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும்ப்பா. ஒரே ஒரு ஃபோன்."

அந்த நேரம் பார்த்து மக்காவிலிருந்து மீரா உசேன் கூப்பிட்டார். பாசித் ஸ்பீக்கரில் போட்டான். நலம் விசாரித்து முடித்து, "லிஸ்ட் சுத்தம் ஆயிடுச்சா?" என்றார் பாய். குழந்தைராஜ் நடந்ததை அப்படியே சொன்னார்.

"ஏம்ப்பா, நான் எதுக்குச் சொன்னேன் தெரியுமா? பெருநாள் வாழ்த்து மெசேஜு. போன வருஷம் ஷேக் தாவூதுக்கு அஞ்சு தடவை போயி, அஞ்சு கண்ணாடி வாங்கணுமான்னு கேட்டாரு. ஒரு நம்பருக்கு ஒரு தடவை போனா போதும்னு நெனச்சேன். ஆளுங்களச் சேக்கச் சொல்லி யாரு சொன்னா?"

"சுத்தம்னு சொன்னீங்க மாமா," என்றான் பாசித்.

"சுத்தம்னா அதானேடா!"

"அதுக்கு நான் முதல் நாள் தட்டின ஒரு தட்டு போதும் மாமா. நகல் எடுத்து நம்பரை மட்டும் வடிகட்டியிருந்தா வாழ்த்துக்கு அது சரி. ராஜண்ணன் பொண்டாட்டியக் காணோம்னு நிறுத்திட்டாரு."

"சரி சரி, சண்டை போடாதீங்க. முதல்ல அந்த அம்மாவப் போய்ப் பாருங்க. நான் இங்க துவா கேக்குறேன்."

குழந்தைராஜ் பவர் பார்க்கிற ட்ரையல் லென்ஸ் பெட்டியை சைக்கிள் கேரியரில் கட்டினார். பழைய ரெண்டே முக்காலை அப்படியே போட்டுக்கொண்டு போகலாம்தான். ஆனால் அது நாலு வருஷத்துப் பவர். ஒரு தடவை லிஸ்ட்டை நம்பியாயிற்று, இனி கண்ணைத்தான் கேட்க வேண்டும்.

பெரிய மெஹராஜ் கூடத்து ஓரத்தில், சுவருக்கு முகத்தைக் காட்டிப் படுத்திருந்தார். அறுபதைத் தாண்டிய வயசு. சின்னவர் எழுப்பி உட்கார வைத்தார். குழந்தைராஜ் வாசலுக்கு உள்ளே தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அக்கா, கண்ணு நல்லாத்தான் இருக்கு. நான்தான் தப்புப் பண்ணிட்டேன். சின்ன அக்காவோட பவரை உங்களுக்குப் போட்டு அனுப்பிட்டேன்."

அந்த அம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

"அல்லாஹ் என் கண்ண எடுத்துக்கிட்டான்னு நாலு நாளா அழுதுக்கிட்டுக் கெடக்கேன். எடுத்தது நீதானா?"

"நான்தான்க்கா."

"ரெண்டு மெஹராஜு இந்த வீட்டுல இருக்கிறது ஊருக்கே தெரியும். ஒனக்குத் தெரியாதா? ஊரு பூரா மூக்கப் புடிச்சுப் பாக்குற!"

"மூக்கு தெரியும்க்கா. பேருதான் தெரியல."

சின்னவர் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார்.

சோதனை ஃபிரேமை மாட்டி, வாசிக்கிற அட்டையை நீட்டினார். "இந்தச் சோப்பு விளம்பரம் மாதிரி இருக்கிறத வச்சு நான் என்ன பண்றது?" என்று பெரியவர் அதைத் தள்ளினார். எழுந்து போய் கை கால் முகம் கழுவி ஒளுச் செய்துவிட்டு வந்தார், ரிஹால் பலகையை விரித்து தன் குர்ஆனையே வைத்தார். குழந்தைராஜ் அதைத் தொடவில்லை, தள்ளி நின்றபடியே லென்ஸை மட்டும் மாற்றினார். ஒண்ணேகாலில் தலையை ஆட்டினார் பெரியவர், எழுத்தெல்லாம் எறும்புக் கூட்டம். இரண்டரையில் எறும்பு கொஞ்சம் பிரிந்தது. ரெண்டே முக்காலில் "இருக்கு, ஆனா கண்ண இடுக்கணும்" என்றார். மூணு போட்டார்.

அந்த அம்மாள் குனிந்து பக்கத்தைப் பார்த்தார். விரல் வரியின் மேல் நின்றது, நகர்ந்தது, குரல் தானாக வந்துவிட்டது. முதலில் மெதுவாக, பிறகு கூடம் கேட்க. அடுப்படியில் நோன்புக் கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்த வேலைக்காரப் பெண் கையை உதறிக்கொண்டு வந்து நின்றாள். சோதனை ஃபிரேம் இரும்பும் திருகுமாய் ஒரு மெஷின் மாதிரி முகத்தில் உட்கார்ந்திருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டு அவர் பாட்டுக்கு ஓதுகிறார். குழந்தைராஜுக்கு ஒரு வார்த்தை புரியாது. இருந்தாலும் அவர் பக்கம் புரட்டுகிறவரை நகராமல் நின்றார்.

"கழட்டணும்க்கா. நாளைக்கு லுஹருக்குள்ள இதே பவர்ல கொண்டாந்துடுறேன்."

"இதையே விட்டுட்டுப் போயேன்."

"இத விட்டுட்டுப் போனா மத்தவங்க கண்ணுக்கு நான் எத வச்சுப் பாக்குறது?"

மறுநாள் பதினொரு மணிக்கே வந்துவிட்டார், மூணு பவரில், மூக்குக்கு உறுத்தாத ஃபிரேமில். தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்திருந்தார்கள். பெரியவர் போட்டுப் பார்த்து, சரியென்று தலையை மட்டும் அசைத்தார். தப்பான கண்ணாடியைத் திருப்பி வாங்கி, குழந்தைராஜ் பையில் போடப் போனார்.

"இங்க கொடுங்கண்ணே," என்றார் சின்ன மெஹராஜ். வாங்கி மாட்டிக்கொண்டு, கிடந்த பேப்பரை எடுத்து வாசித்தார். "அட, எனக்குன்னு அளவெடுத்த மாதிரி இருக்கே!"

"உங்களுக்குன்னு எடுத்த அளவுதான்மா அது."

"அப்ப நான் திருப்பித் தர மாட்டேன்," என்று உள்ளே போய்விட்டார்.

குழந்தைராஜ் கடைக்குத் திரும்பியபோது பாசித், சேர்த்த வரிகளை மட்டும் பிரித்தெடுத்து அச்சடித்து வைத்திருந்தான். வரிசை எண் போட்டிருந்ததால் அது சுலபமாக இருந்தது. ஷீட்டில் கடைசியாக ஒரு புதுக் கட்டம் சேர்த்து, "வீட்டில் கூப்பிடும் பெயர்" என்று தலைப்பு வைத்திருந்தான். பில்லில் அச்சாகாத இடம். முதல் இரண்டு வரியில் பெரிய மெஹராஜ், சின்ன மெஹராஜ் என்று அடித்திருந்தான்.

"மூக்கு ஞாபகம் இருக்கிறதெல்லாம் அப்படியே இருக்கட்டும்ண்ணே. சந்தேகமா சேத்ததுக்கு மட்டும் பேனால வட்டம் போடுங்க. எது கேக்காம சேத்ததோ அது."

குழந்தைராஜ் உட்கார்ந்து வட்டம் போட்டார். நினைத்ததைவிட நிறைய வந்தது. தாளை மடித்துக் கிழித்து, பாதியைப் பாசித்திடம் கொடுத்து, பாதியைத் தான் வைத்துக்கொண்டார்.

"நீ ஃபோன் இருக்கிறவங்களக் கேளு. ஃபோன் இல்லாதவங்கள நான் பாத்துக்குறேன்."

"என்னன்னு கேக்கட்டும்?"

"உங்க வீட்டுல இதே பேர்ல இன்னொருத்தர் இருக்காங்களான்னு கேளு. இருக்காங்கன்னா சிரிப்பாங்க. சிரிச்சா ரெண்டு வரி."

பாசித் முதல் நம்பரை அழுத்தினான். குழந்தைராஜ் சைக்கிளை வெளியே எடுத்தார். அவர் வாய்க்கால் பாலத்தை எட்டுவதற்குள் பின்னாலிருந்து பாசித் கூப்பிட்டான். கடை வாசலில் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு நின்று, இரண்டு விரலை உயர்த்திக் காட்டினான்.